பேஸ் கரண்டை எவ்வளவு ஏத்தினாலும் இறங்காத 0.9 வோல்ட்

இரண்டாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு சின்ன கன்வேயர் பெல்ட் மாடல் செஞ்சோம். 6 வோல்ட் கியர் மோட்டர், 6 வோல்ட் பேட்டரி, ஆர்டுயினோ, நடுவுல ஸ்விட்ச் வேலைக்கு ஒரு TIP122. மோட்டரை நேரா பேட்டரியில் கொடுத்தா பெல்ட் நல்லா ஓடும். டிரான்சிஸ்டர் வழியா கொடுத்தா மந்தமா ஓடும். பத்து நிமிஷத்துல டிரான்சிஸ்டரைத் தொட முடியாத அளவுக்குச் சூடு.

"பேஸ் கரண்ட் பத்தலை, அதான் முழுசா ஆன் ஆகலை" என்று முடிவு கட்டினோம். பேஸ் ரெசிஸ்டரை 1 கிலோ ஓமிலிருந்து 560 ஓம் ஆக்கினோம். பிறகு 220 ஓம். சூடும் குறையலை, வேகமும் கூடலை. டிரான்சிஸ்டர் பழுது என்று நினைச்சு புதுசு மாத்தினோம். அதுவும் அப்படியே. லேப் அண்ணா வந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா தம்பி?"

பார்க்கலை. வெச்சுப் பார்த்தப்போ கிடைச்ச கணக்கு இது. மோட்டர் சுமையோட ஓடும்போது கரண்ட் 1.5 ஆம்பியர்.

```
பேஸ் ரெசிஸ்டர்    பேஸ் கரண்ட்    VCE
1 kΩ              3.5 mA        0.97 V
560 Ω             6 mA          0.91 V
220 Ω             15 mA         0.88 V
```

பேஸ் கரண்ட் நாலு மடங்கு ஏறியிருக்கு. கலெக்டர்-எமிட்டர் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்குகூட இறங்கலை. எங்க டிரான்சிஸ்டர் முழுசா ஆன் ஆகித்தான் இருந்தது. முழுசா ஆன் ஆனாலும் அதுக்குக் கீழே அது இறங்காது. ஏன் இறங்காது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒத்தை டிரான்சிஸ்டர் ஏன் போதவில்லை

முதல்ல, TIP122 பக்கம் ஏன் போனோம் என்று சொல்லிடறேன். சாதாரண பவர் டிரான்சிஸ்டர் TIP31C கிட்ட இருந்தது. அதன் டேட்டாஷீட்டில் 1 ஆம்பியரில் கரண்ட் கெயின் குறைந்தபட்சம் 25. அந்த 25-ஐ வெச்சுக் கணக்குப் போட்டாலே 1.5 ஆம்பியருக்கு 60 மில்லி ஆம்பியர் பேஸ் கரண்ட் வேணும்.

ஆனா அந்தக் கெயின் சாச்சுரேஷனுக்கு உரியது இல்லை. டேட்டாஷீட்டில் கெயினை அளக்கும்போது கலெக்டரில் சில வோல்ட் இருக்கும்படிதான் வெச்சு அளப்பாங்க. டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் மாதிரி முழுசா மூடணும்னா அதைவிட அதிகமா பேஸ் கரண்ட் திணிக்கணும். பவர் டிரான்சிஸ்டருக்கு வழக்கமான கணக்கு, கலெக்டர் கரண்டில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 150 மில்லி ஆம்பியர்.

ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர். பாதுகாப்பா எடுக்கலாம்னா 20. ஆக 150 எங்கே, 20 எங்கே! இந்த இடைவெளியை நிரப்பத்தான் டார்லிங்டன் ஜோடி.

ஒரு டிரான்சிஸ்டர் இன்னொன்றுக்குப் பேஸ் கரண்ட் கொடுத்தால்

பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த சிட்னி டார்லிங்டன் இதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். யோசனை ரொம்ப எளிமை. இரண்டு என்.பி.என். டிரான்சிஸ்டர் எடுத்துக்கோங்க. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரியது. சின்னதோட எமிட்டரை பெரியதோட பேஸில் சேர்க்கணும். இரண்டோட கலெக்டரையும் ஒண்ணா இணைக்கணும். வெளியே பார்த்தா மூணு கால்தான் தெரியும்: சின்னதோட பேஸ், பெரியதோட எமிட்டர், பொதுவான கலெக்டர். TIP122 கவரைத் திறந்து பார்த்தா உள்ளே இருப்பது இதுதான். கூடவே இரண்டு ரெசிஸ்டர், ஒரு டயோடு.

கெயின் எப்படிப் பெருகுதுன்னு பார்ப்போம். சின்னதோட பேஸுக்கு ஒரு பங்கு கரண்ட் கொடுத்தா, அதோட எமிட்டரில் β1 + 1 பங்கு வெளியே வரும். அது மொத்தமும் பெரியதோட பேஸுக்குப் போகும். பெரியது அதை β2 மடங்கு ஆக்கும். சின்னதோட கலெக்டர் கரண்டும் அதே ஒயரில்தான் வருது, அதையும் கூட்டணும்.

```
β = β1 + β2(β1 + 1)
  = β1·β2 + β1 + β2
```

சின்னதுக்கு 50, பெரியதுக்கு 40 என்று வெச்சுக்கிட்டா 2000 + 90 = 2090. கடைசி இரண்டு எண்களும் சின்னவை என்பதால் "இரண்டு கெயினையும் பெருக்கினா போதும்" என்று வகுப்பில் சொல்றாங்க. அது சரிதான்.

TIP122 டேட்டாஷீட்டில் 3 ஆம்பியரில் குறைந்தபட்ச கெயின் 1000. அப்படின்னா 1.5 ஆம்பியருக்கு 1.5 மில்லி ஆம்பியர் போதும் என்று தோணும். அதே டேட்டாஷீட்டில் சாச்சுரேஷன் வோல்ட்டேஜ் வரியைப் பாருங்க. 3 ஆம்பியருக்கு 12 மில்லி ஆம்பியர் பேஸ் கரண்ட் கொடுத்துத்தான் அளந்திருப்பாங்க, அதாவது 250-க்கு ஒண்ணு. இதே விகிதத்தில் எங்க 1.5 ஆம்பியருக்கு 6 மில்லி ஆம்பியர். பின்னோட 5 வோல்ட்டில் பேஸ்-எமிட்டர் 1.5 வோல்ட் போக மிச்சம் 3.5 வோல்ட். அதை 6 மில்லி ஆம்பியரால் வகுத்தா 583 ஓம், கடையில் கிடைப்பது 560. ஆர்டுயினோ பின்னுக்கு இது ஒரு சுமையே இல்லை. 150 கேட்ட இடத்தில் 6. இதுதான் டார்லிங்டன் தரும் லாபம்.

சின்னது நிற்க இடம் வேணும்

இனி விலைக்கு வருவோம்.

ஒத்தை டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் இருக்கும்போது என்ன நடக்குது? எமிட்டர் கிரவுண்டில் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பேஸ் 0.8 வோல்ட்டில் இருக்கும். கலெக்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அதாவது கலெக்டர் தன் பேஸைவிடக் கீழே போயிருக்கு. பேஸ்-கலெக்டர் சந்தியும் ஃபார்வர்ட் ஆகிடுச்சு. சாச்சுரேஷன் என்பதன் அர்த்தமே அதுதான்.

இப்போ டார்லிங்டனுக்கு வாங்க. பெரியது 1.5 ஆம்பியர் கடத்துதுன்னா அதோட பேஸ் 0.8 வோல்ட்டில் இருக்கணும். அந்த 0.8 வோல்ட் புள்ளிதான் சின்னதோட எமிட்டர். சின்னது கரண்ட் கடத்தணும்னா அதோட கலெக்டர் தன் எமிட்டரைவிடக் கொஞ்சமாவது மேலே இருக்கணும். சின்னதை எவ்வளவு நல்லா சாச்சுரேட் பண்ணினாலும் அதுக்கு ஒரு 0.1 வோல்ட் வேணும். ஆக சின்னதோட கலெக்டர் 0.9 வோல்ட்டுக்குக் கீழே வர முடியாது.

சின்னதோட கலெக்டரும் பெரியதோட கலெக்டரும் ஒரே ஒயர். அதனால் பெரியதோட கலெக்டரும் 0.9 வோல்ட்டுக்குக் கீழே வர முடியாது. முடிஞ்சது கதை.

```
VCE(sat) = VBE2 + VCE1(sat)
         ≈ 0.8 + 0.1
         = 0.9 V
```

இதில் கவனிக்க வேண்டியது, பெரியதோட கலெக்டர் (0.9) எப்போதும் அதோட பேஸைவிட (0.8) மேலேயே இருக்கு. அதாவது பெரிய டிரான்சிஸ்டர் ஒருபோதும் சாச்சுரேஷனுக்குப் போறதே இல்லை. டேட்டாஷீட்டில் "சாச்சுரேஷன் வோல்ட்டேஜ்" என்று போட்டிருந்தாலும் உண்மையில் சாச்சுரேட் ஆகுறது சின்னது மட்டும்தான். மொத்தக் கரண்டையும் சுமக்கிற பெரியது சாச்சுரேஷன் வாசலில் நின்னுட்டே வேலை பார்க்குது.

ஒரு நிமிஷம் வம்புக்குக் கேட்போம்: கலெக்டரை வலுக்கட்டாயமா 0.5 வோல்ட்டுக்கு இறக்கினா? அப்போ சின்னதோட கலெக்டர் அதோட எமிட்டரைவிடக் கீழே போயிடும். சின்னது கலெக்டர் வழியா கரண்ட் எடுத்துக் கொடுக்கறதை நிறுத்திடும். பெரியதுக்குப் பேஸ் கரண்ட் குறையும். பெரியது லேசா மூடும். கலெக்டர் வோல்ட்டேஜ் மறுபடி மேலே ஏறும். தானே தன்னைத் தடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அப்போ 220 ஓம் போட்டு நாங்க திணிச்ச கூடுதல் பேஸ் கரண்ட் எங்கே போச்சு? சின்னதோட பேஸ் ஏறத்தாழ 1.5 வோல்ட்டில் இருக்கு, அதோட கலெக்டர் 0.9-இல். வித்தியாசம் 0.6 வோல்ட். சின்னதோட பேஸ்-கலெக்டர் சந்தி ஃபார்வர்ட் ஆகி, கூடுதல் கரண்டில் பெரும்பகுதியை அப்படியே கலெக்டர் பக்கம் தள்ளிவிடுது. பெரியதோட பேஸுக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட், குறுக்கு வழியில் கலெக்டருக்குப் போயிடுது. எங்க அட்டவணையில் 0.97 என்பது 0.91 ஆனது சின்னது சரியா சாச்சுரேட் ஆனதால். அதுக்கப்புறம் இறங்க இடமில்லை.

கரண்ட் கூடினா இந்த எண்ணும் கூடும். டேட்டாஷீட்டில் TIP122-க்கு 3 ஆம்பியரில் உச்சம் 2 வோல்ட், 5 ஆம்பியரில் உச்சம் 4 வோல்ட். அது மோசமான பீஸுக்கான உத்தரவாத எண். கையில் கிடைக்கிற பீஸ் அதைவிட நல்லாவே இருக்கும். ஆனா டிசைன் பண்ணும்போது கணக்கில் எடுக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

விலை எவ்வளவு: சூடு

எங்க மோட்டருக்கே வருவோம். சுமையில் பேட்டரி 6 வோல்ட் கொடுக்குது. டிரான்சிஸ்டரில் 0.9 போச்சு. மோட்டருக்குக் கிடைச்சது 5.1 வோல்ட். பெல்ட் மந்தமானதுக்குக் காரணம் கிடைச்சாச்சு.

டிரான்சிஸ்டரில் வீணாவது:

```
P = 0.9 V × 1.5 A = 1.35 W
```

பேட்டரி கொடுக்கிற 9 வாட்டில் இது 15 சதவீதம். இந்த 1.35 வாட்டும் சூடாத்தான் வெளியே வரணும். ஹீட் சிங்க் இல்லாத TIP122-க்கு ஒரு வாட்டுக்கு 62.5 டிகிரி செல்சியஸ் ஏறும் என்று டேட்டாஷீட் சொல்லுது. 1.35 × 62.5 = 84 டிகிரி. லேபில் 32 டிகிரி இருந்தா உள்ளே சிலிக்கான் 116 டிகிரி. வரம்பு 150. அதனால் எங்க டிரான்சிஸ்டர் செத்துப்போகலை, ஆனா தொட்டா விரல் சுட்டது.

பெல்ட்டில் ஏதாவது சிக்கி மோட்டர் நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோங்க. கரண்ட் 4 ஆம்பியர் வரை ஏறும். ட்ராப் 1.5 வோல்ட் என்று தாராளமா வெச்சாலும் 6 வாட். 62.5-ஆல் பெருக்கினா 375 டிகிரி. கொஞ்ச நேரத்தில் டிரான்சிஸ்டர் போயிடும். அதனால் டார்லிங்டனில் 1 ஆம்பியருக்கு மேலே போனா ஹீட் சிங்க் கட்டாயம் என்று வெச்சுக்கிறது நல்லது. மோட்டரா இருந்தா சுத்தும்போது வர்ற கரண்டை விட்டுட்டு, நின்னுபோகும்போது வர்ற கரண்டை வெச்சுக் கணக்குப் போடுங்க.

ஹீட் சிங்க் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. TIP122-இன் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்திருக்கும், கிரவுண்டோடு இல்லை. இரண்டு மோட்டருக்கு இரண்டு TIP122-ஐ ஒரே ஹீட் சிங்க்கில் நேரா திருகினா இரண்டு கலெக்டரும் ஷார்ட் ஆகி, ஒரு மோட்டரை ஆன் பண்ணினா இரண்டும் ஓடும். நடுவுல மைக்கா தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேணும்.

0.9 வோல்ட் எப்போ பெரிசு, எப்போ சிறிசு

இந்த ட்ராப்புக்கு ஒரு குணம் உண்டு. சப்ளை வோல்ட்டேஜ் என்ன என்று அது பார்க்காது. 24 வோல்ட்டில் 0.9 போனா 4 சதவீதம்கூட இல்லை, யாரும் கவனிக்க மாட்டாங்க. 12 வோல்ட் ரிலேயில் 0.9 போனாலும் ரிலே டக்குனு இழுத்துக்கும். 6 வோல்ட்டில் 15 சதவீதம். ஒரு லித்தியம் செல்லோட 3.7 வோல்ட்டில் 24 சதவீதம், கால்வாசி!

நம்மில் பலர் கையில் இருக்கிற இன்னொரு உதாரணம், 28BYJ-48 ஸ்டெப்பர் மோட்டரும் அதோடு வர்ற ULN2003 போர்டும். அந்த ஐ.சி.க்குள்ளே இருப்பதும் ஏழு டார்லிங்டன் ஜோடிகள்தான். 5 வோல்ட் மோட்டரில் ஒரு காயில் ஏறத்தாழ 50 ஓம். ட்ராப் இல்லைன்னா 100 மில்லி ஆம்பியர் போகணும். டேட்டாஷீட் படி ULN2003-இல் 100 மில்லி ஆம்பியரிலேயே வழக்கமா 0.9 வோல்ட் நிற்கும். காயிலுக்குக் கிடைக்கிறது 4.1 வோல்ட், கரண்ட் 82 மில்லி ஆம்பியர். மோட்டரோட இழுவிசை காயில் கரண்டைப் பொறுத்தது. அதில் 18 சதவீதம் ஆரம்பத்திலேயே போச்சு. இதே போர்டை 3.7 வோல்ட் செல்லில் ஓட்டினா காயிலுக்கு 2.8 வோல்ட்தான். மோட்டர் அதிர்ந்துட்டு நிற்கும், சுத்தாது. ப்ரோக்ராமில் தப்பு தேடி ராத்திரி முழுக்க உட்காருவோம்.

கலெக்டர்களைப் பிரித்தால்?

சிக்கலே இரண்டு கலெக்டரும் ஒரே ஒயர் என்பதுதானே, பிரிச்சுட்டா? நாங்களும் இதைக் கேட்டோம். லேப் அண்ணா "செஞ்சு பாருங்க, கணக்கும் போட்டுப் பாருங்க" என்றார்.

TIP122-ஐப் பிரிக்க முடியாது, இணைப்பு உள்ளேயே இருக்கு. அதனால் தனித்தனியா எடுத்தோம்: சின்னதுக்கு BC337, பெரியதுக்கு TIP31C. BC337-இன் எமிட்டர் TIP31C-இன் பேஸுக்கு, முன்ன மாதிரியே. ஆனா BC337-இன் கலெக்டரை மோட்டர் பக்கம் சேர்க்காம, ஒரு ரெசிஸ்டர் வழியா நேரா பேட்டரிக்குக் கொடுத்தோம். இப்போ சின்னதோட கலெக்டர் மோட்டர் பக்கம் எவ்வளவு இறங்கினாலும் கவலைப்படாது. பெரியதைத் தாராளமா சாச்சுரேட் பண்ணலாம்.

ரெசிஸ்டர் கணக்கு: பெரியதுக்கு 150 மில்லி ஆம்பியர் வேணும். 6 வோல்ட்டில் பேஸுக்கு 0.9, சின்னதுக்கு 0.2 போக மிச்சம் 4.9 வோல்ட்.

```
R = 4.9 V / 0.15 A ≈ 33 Ω
P = 0.15² × 33 ≈ 0.74 W
```

கால் வாட் ரெசிஸ்டர் போட்டா கருகிடும், 2 வாட் போடணும். BC337-க்கு ஆர்டுயினோவில் இருந்து 470 ஓம் வழியா 7 மில்லி ஆம்பியர் போதும்.

பலன் கிடைச்சது. TIP31C-இல் ட்ராப் 0.3 வோல்ட். மோட்டருக்கு 5.7 வோல்ட். பெல்ட் நல்லா ஓடிச்சு, டிரான்சிஸ்டர் வெதுவெதுப்பா மட்டும் இருந்தது. ஜெயிச்சுட்டோம் என்று குதிச்சோம். பிறகு மொத்த நஷ்டத்தைக் கூட்டினோம்.

```
TIP31C-இல்:      0.3 V × 1.5 A  = 0.45 W
பேஸ் வழியில்:    6 V × 0.15 A   = 0.90 W
மொத்தம்:                         1.35 W
```

டார்லிங்டனில் வீணானதும் 1.35 வாட். இதுவும் 1.35 வாட். எங்க எண்களுக்கு அது அச்சு அசலா ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனா அதுக்குள்ளே இருக்கிற பாடம் தற்செயல் இல்லை. பெரிய டிரான்சிஸ்டருக்கு 150 மில்லி ஆம்பியர் எங்கிருந்தாவது வந்தாகணும். டார்லிங்டனில் சின்னது அதை மோட்டர் வழியா வர்ற கரண்டிலிருந்தே எடுத்துக்குது, பேட்டரிக்குத் தனிச் செலவு இல்லை, ஆனா 0.9 வோல்ட் விலை. பிரிச்சா அந்த வோல்ட்டேஜ் மிச்சம், ஆனா பேஸ் கரண்டைத் தனியா பேட்டரியிலிருந்து வாங்கி ரெசிஸ்டரில் எரிக்கணும்.

அதனால் மோட்டருக்கு வோல்ட்டேஜ் முக்கியம்னா பிரிக்கலாம். பேட்டரி நாள் கணக்கில் ஓடணும்னா பிரிச்சும் லாபமில்லை. சப்ளை 12 வோல்ட்டா இருந்தா பேஸ் வழி நஷ்டம் மட்டுமே 1.8 வாட் ஆகும். அங்கே டார்லிங்டனே மேல்.

மாஸ்ஃபெட் வந்த பிறகு

இந்தப் பேரத்திலிருந்து வெளியே வர வழி, பேஸ் கரண்டே கேட்காத ஸ்விட்ச். IRLZ44N போன்ற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டின் கேட்டில் 5 வோல்ட் கொடுத்தா ஆன் ரெசிஸ்டன்ஸ் உச்சம் 0.025 ஓம். 1.5 ஆம்பியருக்கு ட்ராப் 0.04 வோல்ட்டுக்கும் குறைவு, சூடு 0.06 வாட்டுக்கும் குறைவு. ஹீட் சிங்க்கே வேண்டாம். எங்க ப்ராஜெக்ட்டில் கடைசியா மாட்டினது இதைத்தான். பேரில் L இருக்கிறதைப் பார்த்து வாங்குங்க. IRFZ44N என்பது கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கிற வேற ஆள். ஆர்டுயினோவோட 5 வோல்ட்டில் அது அரைகுறையாத்தான் திறக்கும், மறுபடியும் சூடுதான்.

அப்போ டார்லிங்டன் வழக்கொழிஞ்சுபோச்சா? இல்லை. அதை எங்கே பயன்படுத்துறோம் என்பதுதான் விஷயம். 12 அல்லது 24 வோல்ட்டில் ரிலே, சோலினாய்டு, விளக்கு என்று பல சுமைகளை ஓட்ட ULN2003 இன்னும் மலிவான, வசதியான ஐ.சி. ஆடியோ ஆம்ப்ளிஃபையரோட வெளியீட்டுப் பகுதியில் டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் மாதிரி முழுசா மூடுறதே இல்லை. அங்கே இந்த 0.9 வோல்ட் கேள்வி உச்ச ஒலியில் மட்டும்தான் வரும். ஆயிரக்கணக்கான கெயின் அங்கே முழு லாபம்.

வேகமான ஸ்விட்சிங்கிலும் அதை நம்பாதீங்க. ஆஃப் பண்ணும்போது பெரியதோட பேஸில் தேங்கிய சார்ஜ் வெளியே போக வழி, உள்ளே இருக்கிற ஏறத்தாழ 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணுதான். சின்னது ஏற்கனவே மூடியிருக்கும், அதனால் இழுத்து வெளியேற்ற முடியாது. ஆர்டுயினோவோட வழக்கமான 490 ஹெர்ட்ஸ் பி.டபிள்யூ.எம்.மில் பிரச்சினை இல்லை. மோட்டர் கீச்சிடாம இருக்கட்டும்னு 20 கிலோ ஹெர்ட்ஸ் போட்டா ஒவ்வொரு முறை மூடும்போதும் கூடுதல் சூடு சேரும்.

மீட்டரை எங்கே வைக்கணும்

உங்க போர்டில் TIP122 சுடுதுன்னா, சுமை ஓடும்போதே இரண்டு இடத்தில் அளந்து பாருங்க. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 1.3 முதல் 1.6 வோல்ட் வரை இருந்தா இரண்டு டிரான்சிஸ்டரும் ஆன். பிறகு கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே பாருங்க. 1 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் 0.8 முதல் 1 வோல்ட் வரை காட்டினா டிரான்சிஸ்டர் தன்னால் முடிஞ்சதைச் செஞ்சாச்சு. பேஸ் ரெசிஸ்டரைத் தொடாதீங்க. அந்த ட்ராப்பை ஏத்துக்கிட்டு ஹீட் சிங்க் போடணும், இல்லைன்னா மாஸ்ஃபெட்டுக்கு மாறணும்.

அதே 1 ஆம்பியரில் 2 வோல்ட்டுக்கு மேலே காட்டினா கதை வேற. அப்போதான் பேஸ் கரண்ட் பத்தலை. ரெசிஸ்டரைக் குறைச்சா வோல்ட்டேஜ் சட்டுனு இறங்கும். 0.9 பக்கம் வந்ததும் நிற்கும். அதுக்குக் கீழே இறக்க நாங்க செலவழிச்ச ஒரு முழு மதியத்தை நீங்க செலவழிக்க வேண்டாம்.